இரவு பத்து மணிக்கு வலி ஏன் கூடுகிறது?

கேள்வி: எனக்கு 27 வயது. நான்கு ஆண்டுக் காதலை, “இனி சரிப்பட்டு வராது” என்று சொல்லி அவர் முடித்துக்கொண்டு மூன்று மாதங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து நெஞ்சுக்கு நடுவில் யாரோ அழுத்திப் பிடித்ததுபோல நிஜமாகவே வலிக்கிறது. இசிஜி, எக்கோ இரண்டும் எடுத்துப் பார்த்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முன்பு தினமும் இரவு பத்து மணிக்கு அவர் அழைப்பார். இப்போது அந்த நேரத்தில்தான் வலி தாங்க முடிவதில்லை. வாட்ஸ்அப்பில் அவர் கடைசியாக எப்போது வந்தார் என்று பார்த்துவிடுகிறேன். ஒரு நிமிடம் நிம்மதி, பிறகு இன்னும் மோசம். இதெல்லாம் என் கற்பனையா? உடல்வலியும் மனவலியும் மூளைக்கு ஒன்றுதான், பாராசிட்டமால் போட்டால் குறையும் என்கிறாள் என் தோழி. போடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கற்பனை இல்லை. இதயத்தை முதலில் சோதித்துக்கொண்டதும் சரியான முடிவே. கடுமையான மனத்துயரை அடுத்து இதயத்தின் இடது கீழறை தற்காலிகமாகத் தளர்ந்து உப்பிவிடுகிற ‘டக்கோட்சுபோ’ என்ற நிலை மருத்துவத்தில் உண்டு. அது பெரும்பாலும் மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களுக்கே வருகிறது என்றாலும், எக்கோ எடுத்துப் பார்த்து அதை விலக்கிவைப்பதே முறை. இனிமேலும் நடக்கும்போதோ படியேறும்போதோ வலி கூடினாலோ, கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தாலோ, “இது காதல் தோல்விதான்” என்று நீங்களே முடிவு கட்டிக்கொள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், மறுபாதி ஏன் பொருந்தாது என்பதும் விளங்கிவிடும்.

அமெரிக்காவில் ஈதன் கிராஸ், டோர் வேகர் முதலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வே இந்தப் பேச்சுக்கு முக்கிய ஆதாரம். கடந்த ஆறு மாதத்துக்குள், தாங்கள் விரும்பாமலே காதல் முறிந்துபோன 40 பேரை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரும் தம்மை விட்டுப் பிரிந்தவரின் புகைப்படம் ஒன்றையும், நெருங்கிய நண்பர் ஒருவரின் புகைப்படத்தையும் கொண்டுவர வேண்டும். மூளையில் எந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி, முதல் படத்தைப் பார்க்கையில் தாம் நிராகரிக்கப்பட்ட கணத்தையும், நண்பரின் படத்தைப் பார்க்கையில் அவரோடு கழித்த நல்ல பொழுதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கட்டத்தில் அவர்களுடைய இடது முன்கையில் ஒரு சிறு வெப்பக் கருவியைப் பொருத்தி, சில முறை இதமான சூட்டையும் சில முறை வலிக்கிற ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடிய சூட்டையும் கொடுத்தார்கள்.

வலியில் ‘இது வேதனையாக இருக்கிறது’ என்ற துன்ப உணர்வை ஏற்படுத்தும் பகுதிகள் வேறு. ‘எங்கே, எப்படி வலிக்கிறது’ என்ற உடலுணர்வைக் கையாளும் பகுதிகள் வேறு. புறக்கணிப்பு முதல் வகைப் பகுதிகளைத் தூண்டும் என்பது அதற்கு முன்பே பேசப்பட்டதுதான். 2003-இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர், கணினியில் பந்து வீசி விளையாடும் ஒரு விளையாட்டில் ஒருவரை வேண்டுமென்றே ஒதுக்கிவைத்து அதைக் காட்டியிருந்தார்கள். கிராஸ் குழுவினர் கண்டது அதற்கும் ஒரு படி மேலே போனது. பிரிந்தவரின் படத்தைப் பார்த்தபோது, இன்சுலாவின் பின்பகுதி, இரண்டாம் நிலை உடலுணர்வுப் புறணி ஆகிய இரண்டாம் வகைப் பகுதிகளும், கையில் சுட்டபோது இயங்கியதைப் போலவே இயங்கின. முன்பின் தெரியாதவர்கள் பந்து வீசாமல் விடுவதற்கும், நான்கு ஆண்டுகள் உடனிருந்தவர் விலகுவதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது என்று நான் கருதுகிறேன். இவ்வளவும் உங்கள் தோழியின் பக்கம்.

ஆனால் அதே ஆய்வாளர்களில் சிலர் இதே வகைச் சோதனையின் தரவுகளை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்து 2014-இல் ஒரு திருத்தத்தை வெளியிட்டார்கள். சூங்-வான் வூ முதல் ஆசிரியராக இருந்த அந்த ஆய்வு, ஒரு பகுதி இயங்கியதா இல்லையா என்பதோடு நிற்காமல், அந்தப் பகுதிக்குள் எந்த நுண்புள்ளி எவ்வளவு இயங்கியது என்ற கோலத்தைக் கணினி கொண்டு ஒப்பிட்டது. சூட்டு வலியின் கோலம் ஒன்றாகவும் நிராகரிப்பின் கோலம் வேறாகவும் இருந்தன. ஒன்றைக் கண்டுகொள்ளப் பழக்கிய கணிப்புமுறை மற்றதைப் பொருட்படுத்தவே இல்லை. ஒரே ஆர்மோனியத்தின் அதே கட்டைகளில் இரண்டு வேறு ராகங்களை வாசிக்க முடிவதைப் போன்றது இது. எந்தக் கட்டைகள் அழுந்தின என்று மட்டும் பார்த்தவர்களுக்கு முதலில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. பத்திரிகைகள் முதல் ஆய்வை ஊரெல்லாம் சொல்லிவிட்டு இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன.

எனவே பாராசிட்டமால் வேண்டாம். இந்த யோசனைக்கும் ஓர் ஆய்வு வேர் உண்டு. நேதன் டிவால் குழுவினர் 2010-இல், மூன்று வாரம் நாள்தோறும் அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டவர்கள், போலி மாத்திரை எடுத்துக்கொண்டவர்களைவிட மனம் புண்பட்டதாகக் குறைவாகச் சொன்னார்கள் என்று எழுதினார்கள். ஆனால் அவர்கள் காதல் முறிந்த துயரில் இருப்பவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அன்றாட வாழ்வின் சிறிய மனவருத்தங்களைத்தான் குறித்துவந்தார்கள். கிடைத்த வேறுபாடும் சிறியது. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒரேபோல உறுதிப்படுத்தவும் இல்லை. பாராசிட்டமாலோ, அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் மருந்து. துயரத்துக்கென்று எடுக்கத் தொடங்குபவருக்கு ‘இன்று இரண்டு போதவில்லை’ என்று தோன்றும் இரவு வரும் என்பதே என் கவலை. தூக்கமின்றித் தவிக்கும் ஒருவரின் கைக்கெட்டும் தூரத்தில் அது நிறைய இருக்கவும் வேண்டாம்.

மாத்திரையைவிட எனக்குச் சுவையாகப் பட்டது 2017-இல் லியோனி கோபன், கிராஸ், வேகர் முதலியோர் செய்த சோதனை. அண்மையில் காதல் முறிந்தவர்களில் பாதிப் பேரிடம் வெறும் உப்புநீரை மூக்கில் தெளிக்கக் கொடுத்து, மனவலியைக் குறைக்கும் மருந்து என்று சொன்னார்கள். மறுபாதியிடம் உண்மையைச் சொன்னார்கள். மருந்து என்று நம்பியவர்கள் பிரிந்தவரின் படத்தைப் பார்த்தபோது துயரம் குறைந்ததாகச் சொன்னதோடு, உணர்ச்சியைக் கட்டுப்படுத்த உதவும் முன்நெற்றிப் பகுதி அவர்கள் மூளையில் கூடுதலாக இயங்கவும் செய்தது. பாராசிட்டமால் போட்டுப் பார்த்து “எனக்குக் கேட்டது” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை என்பதற்கும், கேட்டது அந்த மாத்திரையின் வேதிப்பொருளாக இல்லாமலும் இருக்கலாம் என்பதற்கும் இது விளக்கமாகிறது.

மூளையில் நடப்பது நெஞ்சில் தெரிவானேன் என்ற கேள்வி எஞ்சுகிறது. இழப்பை மூளை ஆபத்தாகவே கணக்கிடுகிறது. அப்போது மன அழுத்த ஹார்மோன்கள் சுரக்கின்றன, இதயத் துடிப்பு மாறுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் தோள்பட்டைத் தசைகளும் நம்மையறியாமல் இறுகியே கிடக்கின்றன. இறுகிய தசை வலிக்கும். அந்த வலி தசையில் நிகழும் நிஜமான வலி. அடுத்த முறை அழுத்தம் வரும்போது விலாவின் பக்கவாட்டில் கையை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மூச்சை இழுத்துப் பிடித்து வைத்திருப்பீர்கள். மெதுவாக, வெளிமூச்சை உள்மூச்சைவிட நீளமாக்கி ஐந்து நிமிடம் விட்டால் அழுத்தம் சற்று இறங்குவதை உணரலாம். இது துயரத்தைத் தீர்க்காது. தசையின் பங்கை மட்டும் குறைக்கும்.

இனி, உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட என் கவனத்தை ஈர்த்த இரவு பத்து மணிக்கு வருகிறேன். வலி என்ற சொல்லால் மட்டும் உங்கள் நிலையை விளக்க முயன்றால் இந்தப் பத்து மணி புரியவே புரியாது. சுட்டுக்கொண்ட கை கடிகாரம் பார்த்து வலிப்பதில்லை. கடிகாரம் பார்த்து வருவது ஏக்கம்.

மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரும் லூசி பிரவுன் முதலிய நரம்பியலாளர்களும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், நிராகரிக்கப்பட்ட பின்பும் ஆழமாகக் காதலித்துக்கொண்டிருந்த 15 பேரின் மூளையைப் படமெடுத்தார்கள். பிரிந்து சராசரியாக 63 நாட்கள் ஆகியிருந்தன. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பிரிந்தவரின் நினைவிலேயே கழிகிறது என்று அந்த 15 பேர் சொன்னார்கள். காதலரின் படத்துக்கும் வேறொரு தெரிந்தவரின் படத்துக்கும் இடையே, முதல் படம் கிளறிய உணர்வு அடங்குவதற்காக, ஒரு பெரிய எண்ணிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அந்த அளவுக்கு அந்த உணர்வு பிடித்துக்கொள்ளும் என்பது ஆய்வாளர்களுக்கே தெரிந்திருந்தது. படத்தைக் கண்டதும் இயங்கிய பகுதிகளில் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸும் அடங்கும். டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் வழியே ‘அதை அடை’ என்று நம்மை உந்துகிற அமைப்பு அது. கொக்கைன் பழக்கத்துக்கு ஆளானவர்களின் தவிப்பிலும் அதே பகுதிகள் பங்கேற்கின்றன.

நெருங்கியவரை மரணத்தில் இழந்தவர்களையும் காதலில் இழந்தவர்களையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாதுதான். ஆனாலும் மேரி-ஃபிரான்சஸ் ஓ’கானர் 2008-இல், தாயையோ சகோதரியையோ இழந்த 23 பெண்களிடம் கண்டது இங்கே பொருத்தமாக இருக்கிறது. இறந்தவரின் படத்தைப் பார்த்தபோது எல்லோருக்கும் வலி தொடர்பான பகுதிகள் இயங்கின. ஆனால் துயரம் ஆறாமல் அதிலேயே சிக்கிக்கொண்டவர்களுக்கு மட்டும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸும் இயங்கியது. எவ்வளவு ஏங்குவதாகச் சொன்னார்களோ அவ்வளவுக்கு அது கூடியது. இந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் நான் அளவோடுதான் நம்புகிறேன். ஆயினும் எல்லோருக்கும் வலிக்கிறது, சிலரை மட்டும் ஏக்கம் பிடித்துவைக்கிறது என்ற அந்த வேறுபாடு, ஆலோசனை அறையில் நான் காண்பதோடு ஒத்துப்போகிறது.

டோபமைன் செல்கள் வேலை செய்யும் விதத்தை நரம்பியலாளர் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் ஆராய்ந்திருக்கிறார். ஒரு விளக்கு எரிந்து, சிறிது நேரம் கழித்து வாயில் பழச்சாறு சொட்டும். குரங்கு இதைப் பழகிக்கொண்ட பிறகு, செல்கள் சாற்றுக்குத் துடிப்பதை விட்டு விளக்குக்கே துடிக்கத் தொடங்கின. பிறகு ஒரு முறை விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனது. வழக்கமாகச் சாறு சொட்டும் அந்தக் கணத்தில், செல்களின் இயல்பான துடிப்பும் தணிந்து ஏறத்தாழ அடங்கிவிட்டது. அதாவது வராமல் போனதைக்கூட மூளை நேரம் பிசகாமல் பதிவுசெய்கிறது. குரங்கையும் பழச்சாற்றையும் உங்கள் காதலுக்கு ஒப்பிடுவது என் ஊகம்தான்; ஆனால் நான்கு ஆண்டுகள் பத்து மணிக்கு ஒலித்த கைபேசி ஒலிக்காதபோது, பத்து மணிக்கே துயரம் திரள்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வாட்ஸ்அப்பில் நீங்கள் பார்ப்பது இந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று பாருங்கள். அழைப்பு வராத இரவுகள் தொடர்ந்து கடந்தால், ‘பத்து மணி என்றால் அவர்’ என்ற பாடத்தின் மேல் ‘பத்து மணி என்றால் ஒன்றுமில்லை’ என்ற புதிய பாடம் படியத் தொடங்கும். நீங்கள் பார்க்கும்போதோ, சில இரவுகளில் அவர் ‘ஆன்லைன்’ என்று தெரிகிறது, சில இரவுகளில் புதிய முகப்புப் படம் இருக்கிறது, சில இரவுகளில் எதுவும் இல்லை. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் விட்டுவிட்டுக் கிடைக்கும் பலன்தான் ஒரு பழக்கத்தை மிக உறுதியாக நிலைநிறுத்தும் என்பது விலங்குச் சோதனைகளில் நெடுங்காலமாக அறியப்பட்டது. அந்த ஒரு நிமிட நிம்மதி பழைய பாடத்தைத் தினமும் புதுப்பிக்கிறது. டேவிட் ஸ்பாராவும் ராபர்ட் எமரியும் 2005-இல், காதல் முறிந்த இளைஞர்களை 28 நாட்கள் அன்றாடக் குறிப்பு எழுதச் செய்தபோது, பிரிந்தவரோடு தொடர்பில் இருந்தவர்களுக்குக் காதலும் சோகமும் மெதுவாகவே தணிந்ததைக் கண்டார்கள்.

ஆகவே முதல் வேலையாக அவருடைய எண்ணைத் தடைசெய்யுங்கள் அல்லது கைபேசியிலிருந்து நீக்குங்கள். மனம் கேட்கவில்லை என்றால், எண்ணை ஒரு தாளில் எழுதி நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு நீக்குங்கள். இது அவரைத் தண்டிப்பதற்காக இல்லை என்பதால் அவரிடம் அறிவிக்கவும் வேண்டியதில்லை. அடுத்து, ஒன்பதரை முதல் பத்தரை வரை கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். அந்த நேரத்தில் கவனத்தை முழுக்கக் கோரும் ஒரு செயலை வைத்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சி போதாது, ஏனென்றால் அதைப் பார்த்துக்கொண்டே அவரையும் நினைக்கலாம். கணக்குப் போடுவது, புதிய மொழி ஒன்றின் பாடம், வீட்டில் ஒருவரோடு சதுரங்கம் எனத் தவறினால் உடனே தெரிந்துவிடும் வேலைகளே ஏற்றவை. ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்ன ஆய்வாளர்களின் தந்திரமும் அதுவே.

“அவருடைய குறைகளை நினைத்துப் பார்” என்றும் உங்களிடம் சிலர் சொல்லியிருப்பார்கள். சாண்ட்ரா லாங்கஸ்லாக் என்ற உளவியலாளர் 2018-இல் இதைச் சோதித்தார். பிரிந்தவரின் குறைகளை எண்ணியவர்களுக்குக் காதல் சற்றுக் குறைந்தது, ஆனால் மனநிலை கெட்டது. வேறு இனிய விஷயங்களை எண்ணியவர்களுக்கு மனநிலை தேறியது, காதல் குறையவில்லை. எனவே குறைகளின் பட்டியலை எழுதுவதானால் பகலில் எழுதுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் அதைத் திறக்காதீர்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரங்களில் தவிப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடினால் திகைக்க வேண்டாம். கிடைத்துவந்த பலன் நின்றதும் பழக்கம் ஒரு முறை உச்சத்துக்கு ஏறிப் பார்க்கும். பலர் அந்த உச்சத்தைப் பார்த்து, “எனக்கு இது ஒத்துவராது” என்று எண்ணைத் திறந்துவிடுகிறார்கள். அதேபோல, பல வாரம் நன்றாக இருந்த பிறகு ஒரு பிறந்தநாளிலோ, அவரோடு போன தெருவிலோ, எல்லாம் முதலிலிருந்து தொடங்கியதுபோல வலிக்கும். பழைய பாடம் அழிவதில்லை, அதன் மேல் புதியது படிகிறது என்பதால் இப்படி நேரும். மறுநாளோ அதற்கடுத்த நாளோ முன்பிருந்த நிலைக்குத் திரும்பிவிட்டீர்கள் என்றால் அது சறுக்கல் ஆகாது.

முன்னேற்றத்தை எப்படி அறிவது? ஒரு நோட்டில் இரவுதோறும் மூன்றே செய்திகளை எழுதுங்கள்: பார்த்தேனா இல்லையா, தவிப்பு பத்துக்கு எவ்வளவு, அது எத்தனை நிமிடம் நீடித்தது. பலரிடமும் நான் காண்பது, முதலில் நிமிடங்கள் குறைகின்றன, பிறகு தவிப்பு வரும் இரவுகள் குறைகின்றன, உச்சத்தின் அளவு கடைசியாகத்தான் இறங்குகிறது. எட்டு என்று எழுதிய இரவில் அது நாற்பது நிமிடமா பத்து நிமிடமா என்று பாருங்கள். எட்டை மட்டும் பார்த்தால் எதுவும் மாறவில்லை என்றே தோன்றும். ஃபிஷரின் ஆய்விலும், பிரிந்து அதிக நாட்கள் ஆனவர்களிடம் பற்றுதலோடு தொடர்புடைய ஒரு பகுதியின் இயக்கம் குறைவாகவே இருந்தது. ஒரே ஆளைத் தொடர்ந்து அளக்கவில்லை என்பது அதன் குறைபாடு என்றாலும், போக்கு இறங்குமுகமாக இருக்கிறது.

மூன்று மாதத்தில் இப்படி இருப்பது வழக்கத்துக்கு மாறானதில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில், பத்து மணி என்றில்லாமல் நாள் முழுதும் மனம் இருண்டே இருந்தால், எதிலும் ஆர்வம் அற்றுப்போனால், தூக்கமும் பசியும் வேலையும் கெட்டால், அது மனச்சோர்வு நோயாக மாறியிருக்கக்கூடும். அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றே, தனியாக இல்லாமல், யாரையாவது உடன் அழைத்துக்கொண்டு மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். எந்த நிலையில் மருத்துவரைப் பார்க்கப் போனாலும் அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். “எப்போதும் வலிக்கிறது” என்று சொல்வதைவிட, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் என்று எழுதிய மூன்று வாரக் குறிப்பிலிருந்து, இது ஏக்கமா மனச்சோர்வா என்று அவரால் விரைவில் பிரித்தறிய முடியும்.